ஒரு பழைய கேமரா, வீடு முழுக்க மந்தமான வைஃபை

வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்பு விநாடிக்கு 100 மெகாபிட். ரவுட்டரும் புதியது. இருந்தும் சாயங்காலமானால் வீடியோ கால் உறைந்து நிற்கிறது. மாடியில் ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஆசிரியரின் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. புகார் கொடுத்தால் ஆள் வருகிறார். லேப்டாப்பைக் கேபிள் வழியாக ரவுட்டரில் மாட்டிப் பார்க்கிறார். முழு வேகமும் வருகிறது. "லைன்ல ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். அவர் சொல்வது சரிதான். லைனில் கோளாறு இல்லை. ரவுட்டருக்கும் போனுக்கும் நடுவே இருக்கிற சில மீட்டர் காற்றில்தான் கோளாறு. பல வீடுகளில் அதற்குக் காரணம், யாரும் சந்தேகப்படாத ஒரு பழைய பொருளாக இருக்கும்: வாசலில் எப்போதோ மாட்டிய கேமரா, அலமாரி மேலிருக்கும் பிரிண்டர், பிள்ளைகள் விளையாடிக் கைவிட்ட டேப்லட்.

முறை எல்லோருக்கும் ஒன்று, நேரம் ஒன்றல்ல

வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு சாதனம்தான் பேச முடியும். ரவுட்டர் பேசும்போது போன் காத்திருக்கும். போன் பேசும்போது டி.வி. காத்திருக்கும். அடுத்து யார் பேசுவது என்பதை எந்தத் தலைவரும் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு சாதனமும் காற்று அமைதியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்து, சிறிது நேரம் பொறுத்து, தன் முறையை எடுத்துக்கொள்கிறது. நீண்ட நேரக் கணக்கில் பார்த்தால், அனுப்பத் தரவு வைத்திருக்கும் எல்லாச் சாதனங்களுக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் முறை கிடைக்கும்.

நியாயமான ஏற்பாடுபோலத் தெரிகிறது. ஆனால் எண்ணப்படுவது முறைதான்; ஒரு முறைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது கணக்கில் வருவதில்லை. தெருக்குழாயில் ஆளுக்கு ஒரு குடம் என்று வரிசை வைத்தால், வாய் குறுகிய குடம் கொண்டுவந்தவருக்கும் ஒரு குடம்தான். ஆனால் அது நிறையும்வரை வரிசை முழுவதும் நிற்க வேண்டும்.

வைஃபையில் அந்தக் குறுகிய வாய் எவ்வளவு குறுகியது என்று பார்ப்போம். 1999-ல் வந்த 802.11b தரத்தின் உச்ச வேகம் விநாடிக்கு 11 மெகாபிட். சிக்னல் குறையக் குறைய அது 5.5, 2, 1 என்று இறங்கும். 2003-ல் வந்த 802.11g அதை 54-க்கு உயர்த்தியது. 2009-ன் 802.11n, இன்றைய பெயரில் வைஃபை 4, ஒரே ஆன்டெனா உள்ள சாதனத்துக்கே 72 வரை கொடுத்தது. இப்போது வழக்கமான 1,500 பைட் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது 12,000 பிட். 54 மெகாபிட் வேகத்தில் அதை அனுப்ப 0.22 மில்லிவிநாடி போதும். 11 மெகாபிட்டில் 1.1 மில்லிவிநாடி. 1 மெகாபிட்டில் 12 மில்லிவிநாடி. வேகமான சாதனமும் 1 மெகாபிட் சாதனமும் மாறி மாறி ஒரு பொட்டலம் அனுப்பினால், இரண்டு பொட்டலங்கள் போய்ச் சேர 12.2 மில்லிவிநாடி ஆகிறது. அதாவது 54-ல் ஓடக்கூடிய சாதனத்துக்கும் கையில் கிடைப்பது விநாடிக்கு 1 மெகாபிட்டுக்குச் சற்றுக் குறைவுதான்.

பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் நான்கு பேர் 2003-ல் இதைக் கணக்கிட்டும் அளந்தும் காட்டினார்கள். அதிலிருந்து இதை 'செயல்திறன் முரண்' என்ற பொருளில் துறையினர் குறிப்பிடுகிறார்கள். பரவலாக ஒரு தவறான நம்பிக்கையும் உண்டு: பழைய சாதனம் ஒன்று சேர்ந்தால் எல்லாச் சாதனங்களும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும் என்பார்கள். அப்படி நடப்பதில்லை. உங்கள் போன் தன் முறையில் தன் முழு வேகத்திலேயே பேசுகிறது. அதன் முறை வரத்தான் தாமதமாகிறது.

வைஃபை 4 சாதனங்களும் அதற்குப் பிந்தையவையும் ஒரே முறையில் பல பொட்டலங்களைச் சேர்த்துக் கட்டி அனுப்பும். அதனால் இன்று பாதிப்பு மேலே சொன்ன கணக்கின் அளவுக்குக் கொடியதாக இருக்காது. ஆனால் அந்த முறைக்காகக் காத்திருக்கும் நேரம் குறைவதில்லை. பெரிய கோப்பை இறக்குபவருக்கு அது உறைக்காமல் போகலாம். வீடியோ காலில் இருப்பவருக்கு உடனே தெரியும்.

பேசாதபோதும் விலை உண்டு

பழைய சாதனம் தரவு அனுப்பும்போது மட்டும்தான் தொல்லை என்றால் பிரச்சினை சிறியது. அது சும்மா இணைந்திருந்தாலே இரண்டு வகையில் நேரம் போகிறது.

முதலாவது, எச்சரிக்கை. 802.11b சாதனத்துக்குப் புதிய சாதனங்களின் பேச்சு புரியாது. அலைகளை வடிவமைக்கும் முறையே வேறு. யாரோ பேசுவது தெரியாமல் அது குறுக்கே பேசத் தொடங்கினால் இரண்டு பொட்டலங்களும் வீணாகும். இதைத் தடுக்க, b சாதனம் ஒன்று இணைந்ததும் ரவுட்டர் பாதுகாப்பு ஏற்பாடு ஒன்றை இயக்குகிறது. அதன் பிறகு 2.4 கிகாஹெர்ட்ஸில் உள்ள புதிய சாதனங்கள், தரவை அனுப்புமுன் பழைய மொழியில் 'இவ்வளவு நேரம் நான் பேசப் போகிறேன்' என்று ஒரு சின்ன அறிவிப்பை அனுப்ப வேண்டும். 14 பைட் அறிவிப்புதான். ஆனால் 1 மெகாபிட் வேகத்தில், முன்னொலியையும் சேர்த்து, அதற்கு 0.3 மில்லிவிநாடி ஆகிறது. 54-ல் போகும் முழுப் பொட்டலத்துக்கு ஆகும் நேரத்தைவிட அறிவிப்பின் நேரம் அதிகம்.

இரண்டாவது, ரவுட்டரின் முகவரிக் கூவல். 'நான் இருக்கிறேன், என் பெயர் இது' என்று ஒவ்வொரு ரவுட்டரும் விநாடிக்கு ஏறக்குறைய 10 முறை அறிவிக்கிறது. எல்லாச் சாதனங்களுக்கும் கேட்க வேண்டும் என்பதால், அனுமதிக்கப்பட்ட அடிப்படை வேகங்களில் மிகக் குறைந்ததில்தான் இதை அனுப்பும். b வேகங்கள் திறந்திருந்தால் அது 1 மெகாபிட். 300 பைட் அறிவிப்பு ஒன்றுக்கு 2.6 மில்லிவிநாடி, விநாடிக்குப் பத்து என்றால் 26 மில்லிவிநாடி. ஒரு வைஃபை பெயருக்கே காற்று நேரத்தில் இரண்டரை சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. கெஸ்ட், கேமரா, அலுவலகம் என்று ஒரே ரவுட்டரில் நான்கு பெயர் வைத்தால் பத்து சதவீதம். அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் பத்து ஒரே சேனலில் இருந்தால், யாரும் எதையும் திறக்காதபோதே கால் பங்கு நேரம் தீர்ந்துவிடுகிறது.

யார் என்று கண்டுபிடிப்பது

முதலில் கோளாறு காற்றில்தான் என்பதை உறுதி செய்ய வேண்டும். வைஃபையில் இணைந்த லேப்டாப்பை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து, விண்டோஸின் கட்டளைத் திரையில் `ping -t 192.168.1.1` என்று கொடுங்கள். இந்த எண் ரவுட்டரின் முகவரி. உங்களுடையது வேறாக இருந்தால் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். இணையம் இந்தச் சோதனையில் சம்பந்தப்படவே இல்லை. ரவுட்டருக்குப் போய்த் திரும்பும் நேரம் மட்டும் தெரியும். காற்று சும்மா இருந்தால் பெரும்பாலும் ஒற்றை இலக்க மில்லிவிநாடிகளில் பதில் வரும். அது அடிக்கடி நூறைத் தாண்டிக் குதித்தால் காற்றில் நெரிசல் இருக்கிறது. அதை ஓடவிட்டபடியே சந்தேகப்படும் சாதனங்களை ஒவ்வொன்றாக அணையுங்கள். ஒன்றை அணைத்ததும் எண்கள் அடங்கி, மறுபடி போட்டதும் குதித்தால் அதுதான் ஆள்.

சந்தேகப் பட்டியலைச் சுருக்க ரவுட்டர் பக்கத்தில் இணைந்த சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். சில ரவுட்டர்கள் ஒவ்வொன்றின் தரத்தையும் இணைப்பு வேகத்தையும் காட்டும். ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற மென்பொருள் ஓடும் ரவுட்டரானால் இந்தக் கட்டளை போதும். `wlan0` என்ற இடத்தில் உங்கள் ரவுட்டர் காட்டும் பெயரைப் போடுங்கள்:

```
iw dev wlan0 station dump
```

வரும் பட்டியலில் `signal`, `rx bitrate`, `tx bitrate` ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சும்மா கிடக்கும் சாதனம், தூங்கப் போகிறேன், விழித்துக்கொண்டேன் என்ற சின்னச் செய்திகளை மட்டும் மெதுவான வேகத்தில் அனுப்பும். அப்போது பார்த்தால் புத்தம் புது போன்கூட 1 அல்லது 6 மெகாபிட் என்று காட்டும். சாதனம் உண்மையில் வேலை செய்துகொண்டிருக்கும்போது பார்த்தால்தான் எண்ணை நம்பலாம்.

சாதனத்தின் வயதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. அணைக்கவும் போடவும் சில பைட்டுகள் மட்டும் பேசும் ஸ்மார்ட் பிளக், 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே வேலை செய்தாலும், பெரிதாகத் தொந்தரவு தராது. இரவு பகலாகப் படம் அனுப்பும் கேமரா, சிக்னல் குறைந்த மூலையில் இருந்தால் வீட்டையே முடக்கும். எவ்வளவு மெதுவாகப் பேசுகிறது, எவ்வளவு நேரம் பேசுகிறது என்ற இரண்டையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

பெயரைப் பிரித்தால் போதாது

குற்றவாளி தெரிந்ததும் பலர் செய்வது, ரவுட்டரில் 'பழசு' என்று இன்னொரு வைஃபை பெயரை உருவாக்கி அதில் அந்தச் சாதனத்தைச் சேர்ப்பது. பார்க்கப் பிரித்ததுபோலவே இருக்கும். ஆனால் இரண்டு பெயரும் அதே ரேடியோவில், அதே சேனலில் ஓடுகின்றன. காற்றில் எதுவும் பிரியவில்லை. மேலதிகமாக ஒரு பெயருக்கான அறிவிப்பும் சேர்ந்துகொள்கிறது. காற்று நேரத்தைப் பிரிக்க வேண்டுமானால் சேனல் வேறாக இருக்க வேண்டும். அதற்கு ரேடியோ வேறாக இருக்க வேண்டும்.

ஒரு வீட்டை வைத்து இதைச் செய்து பார்ப்போம். கீழே கூடத்தில் இரட்டை அலைவரிசை ரவுட்டர். மாடி அறையில் லேப்டாப்பும் ஒரு பழைய பிரிண்டரும். கூடத்தில் டி.வி., போன்கள். காம்பவுண்ட் கேட்டில் 802.11g காலத்துக் கேமரா. g சாதனம் என்பதால் 54 வரை போக முடியும். ஆனால் நடுவில் இரண்டு சுவர். சிக்னல் குறைந்ததால் அது b காலத்து 2 மெகாபிட்டுக்கு இறங்கிப் பேசுகிறது. அது அனுப்பும் படம் விநாடிக்கு அரை மெகாபிட் மட்டுமே. குறைவுதானே என்று தோன்றும். அது விநாடிக்கு 42 பொட்டலம். 2 மெகாபிட் வேகத்தில் ஒவ்வொன்றுக்கும் 6 மில்லிவிநாடி, அத்துடன் காத்திருப்பும் பெற்றுக்கொண்டதற்கான பதிலும். மொத்தத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் காற்றில் கால் பங்குக்கு மேல் அந்தக் கேமராவுக்கே போகிறது. போய்ச் சேராத பொட்டலங்களை மறுபடி அனுப்புவது இந்தக் கணக்கில் இல்லை.

முதல் வேலை கேபிள். பிரிண்டரின் பின்னால் ஈதர்நெட் துளை இருந்தால் கம்பியில் இணைத்து அதன் வைஃபையை அணைத்துவிடலாம். காற்றிலிருந்து ஒரு சாதனம் முழுதாக விலகிவிட்டது. இதைவிடச் சுத்தமான பிரிப்பு கிடையாது. டி.வி.க்கும் இதே வழி பொருந்தும்.

இரண்டாவது, புதியவற்றை 5 கிகாஹெர்ட்ஸுக்கு நகர்த்துவது. b, g சாதனங்களால் அங்கே வரவே முடியாது. அவற்றின் ரேடியோ 2.4-க்கு மட்டும் செய்யப்பட்டது. பல ரவுட்டர்கள் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்துச் சாதனங்களையே தேர்ந்தெடுக்க விடுகின்றன. அந்த வசதியை நிறுத்தி, இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். போன், லேப்டாப், டி.வி. ஆகியவற்றில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை மறக்கச் செய்யுங்கள். இல்லையென்றால் சிக்னல் சற்றுக் குறைந்ததும் அவை சொல்லாமல் 2.4-க்குத் திரும்பிவிடும். இங்கே பெயர் பிரிப்பதற்குப் பொருள் உண்டு. ஏனென்றால் பின்னால் இருப்பவை இரண்டு வெவ்வேறு ரேடியோக்கள். பெரும்பாலான வீடுகளில் இந்த ஒரு மாற்றமே போதும், காசும் செலவில்லை. இதன் எல்லை சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும்போது அதிகம் தேயும். மாடியில் லேப்டாப்புக்கு அது எட்டவில்லை என்றால் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, பழையவற்றுக்குத் தனி ரவுட்டர். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டர் போதும். அதன் அமைப்புப் பக்கத்தில் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். சாதனங்களுக்கு முகவரி வழங்கும் `DHCP` வசதியை அணையுங்கள். அதன் லேன் துளையிலிருந்து முதல் ரவுட்டரின் லேன் துளைக்குக் கேபிள் இழுங்கள். முதல் ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனல் 1 என்றால் இதற்கு 11. இரண்டிலும் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். சேனல் எண்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, சிக்னலின் அகலமோ 20. அதனால் 1, 6, 11 என்று தள்ளித் தள்ளி எடுத்தால்தான் ஒன்றன் மீது ஒன்று ஏறாது. 1-க்கும் 3-க்கும் பிரித்தால் பிரிக்காததைவிட மோசம். ஒருவர் பேச்சு மற்றவருக்கு இரைச்சலாகிவிடும்.

இந்த இரண்டாவது ரவுட்டரை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பாதிப் பலன் இருக்கிறது. முதல் ரவுட்டரின் பக்கத்தில் வைத்தால் கேமரா அதே 2 மெகாபிட்டில்தான் பேசும். பக்கத்துப் பக்கத்து ரேடியோக்கள் சேனல் வேறாக இருந்தும் ஒன்றையொன்று உறுத்தும். வாசல் பக்க ஜன்னலோரம் வைத்தால் கேமராவின் சிக்னல் ஏறி, இணைப்பு 24 மெகாபிட்டுக்குப் போகலாம். அப்போது அதே படத்துக்கு ஆகும் காற்று நேரம் 3 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அதுவும் யாரும் பயன்படுத்தாத தனிச் சேனலில்.

பழையவை வெளியேறிய பிறகு நான்காவது வேலை: முதல் ரவுட்டரில் b வேகங்களை மூடுவது. சாதாரண ரவுட்டரில் `802.11b/g/n mixed` என்ற இடத்தில் `g/n` அல்லது `n only` என்று தேர்ந்தெடுக்கலாம். ஓப்பன்டபிள்யூஆர்டியில், `radio0` 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவாக இருந்தால்:

```
uci set wireless.radio0.legacy_rates='0'
uci commit wireless
wifi reload
```

இனி அறிவிப்புகள் 1 மெகாபிட்டில் போகாமல் 6 மெகாபிட்டில் போகும். 2.6 மில்லிவிநாடி எடுத்தது அரை மில்லிவிநாடிக்கும் கீழே வரும். b சாதனம் இணையவே முடியாது என்பதால் எச்சரிக்கை அறிவிப்பின் தேவையும் பெரும்பாலும் போய்விடும். ஆனால் வரிசையை மாற்றிச் செய்யாதீர்கள். கேமரா இன்னும் பழைய இடத்திலேயே இணைந்திருக்கும்போது இதைச் செய்தால், 2 மெகாபிட்டில் தொங்கிக்கொண்டிருந்த அது இணைப்பையே இழக்கும்.

சில ரவுட்டர்களில் `Airtime Fairness` என்று ஒரு வசதி இருக்கிறது. முறைகளை எண்ணாமல் நேரத்தை எண்ணிப் பங்கிடும் ஏற்பாடு அது. ரவுட்டரிலிருந்து சாதனங்களுக்குப் போகும் தரவுக்கு நல்ல பலன் தரும். கேமராபோல மேலே அனுப்பும் சாதனம் தன் முறையைத் தானே எடுத்துக்கொள்வதால், அதை இது அவ்வளவாகக் கட்டுப்படுத்தாது.

பழைய பூட்டுக்காகக் கதவைத் திறக்காதீர்கள்

பழைய சாதனம் இணைய மறுக்கிறது என்று பாதுகாப்பு முறையை `WEP` அல்லது `WPA-TKIP` என்று மாற்றுபவர்கள் உண்டு. இது இரட்டை இழப்பு. வைஃபை 4-ம் அதற்குப் பிந்தைய தரங்களும் இந்த இரண்டு முறைகளோடு தங்கள் உயர் வேகங்களைப் பயன்படுத்த அனுமதிப்பதில்லை. மாற்றிய கணமே புதிய போனும் 54 மெகாபிட்டில் நின்றுவிடும். எல்லாச் சாதனங்களும் சரியாக 54-ல் நிற்பதைக் கண்டால் முதலில் இந்த அமைப்பைப் பாருங்கள்; `WPA2-AES` என்று மாற்றினால் சரியாகிவிடும். பாதுகாப்பிலோ இழப்பு இன்னும் பெரிது. `WEP` முறையை இன்று எளிதில் கிடைக்கும் கருவிகளால் சில நிமிடங்களில் உடைத்துவிடலாம். 2004-ல் வந்த நின்டெண்டோ டிஎஸ் விளையாட்டுக் கருவி b தரத்தில், `WEP` மட்டுமே தெரிந்த சாதனம். அதுபோன்ற ஒன்றுக்காக வீட்டு நெட்வொர்க்கை இறக்கக் கூடாது.

மேலே சொன்ன இரண்டாவது ரவுட்டர் காற்றைத்தான் பிரிக்கிறது. நெட்வொர்க் ஒன்றாகவே இருக்கிறது. மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோன கேமரா, உங்கள் லேப்டாப்பை எட்டக்கூடிய இடத்தில்தான் இன்னும் இருக்கிறது. இரண்டாவது ரவுட்டரை அதன் வேன் துளை வழியாக இணைத்தால் பிரிந்துவிடும் என்று நினைப்பது தவறு. அப்போது வெளியிலிருப்பவை உள்ளே வர முடியாது, ஆனால் உள்ளே இருக்கும் பழைய சாதனம் வெளியே முதல் ரவுட்டரின் சாதனங்களைத் தாராளமாக எட்டும். இந்தப் பிரிப்புக்கு ரவுட்டரின் கெஸ்ட் நெட்வொர்க் அல்லது விலேன் வசதி வேண்டும். காற்று நேரத்தைக் காக்காத கெஸ்ட் பெயர், பாதுகாப்பைக் காக்க உதவும். இரண்டும் வேறு வேறு வேலை. இரண்டும் தேவைப்படும் வீடுகளும் உண்டு.

எப்போது விட்டுவிடுவது

தனி ரவுட்டர், கேபிள், சேனல் என்று இவ்வளவு ஏற்பாடும் ஒரு பொருளுக்குத் தகுமா என்ற கேள்வியைக் கடைசியில் கேட்டே ஆக வேண்டும். பிரிண்டர்போல எப்போதாவது பேசும் சாதனத்தை 2.4-லேயே விட்டுவிட்டு, மற்றவற்றை 5-க்கு நகர்த்தினாலே போதும். நாள் முழுவதும் பேசும் கேமராவுக்கு, இருக்கும் பழைய ரவுட்டரும் ஒரு கேபிளும் போதுமானால் இந்த ஏற்பாடு தகும். `WPA2`-வே தெரியாத சாதனத்தையும், b தரத்தைத் தாண்டாத சாதனத்தையும் வைத்துக்கொள்ள எந்த ஏற்பாடும் தகாது. அவற்றின் வைஃபையை அணைத்துவிடுங்கள். மாற்றாக வாங்கும் பொருளின் பெட்டியில், 5 கிகாஹெர்ட்ஸ் என்றோ ஈதர்நெட் துளை உண்டு என்றோ போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அந்தப் பிங் சோதனையை மறுபடி ஓடவிடுங்கள். எண்கள் அடங்கவில்லை என்றால் இன்னும் ஒரு சாதனம் பட்டியலில் இருக்கிறது, அல்லது நெரிசல் பக்கத்து வீட்டுச் சேனலிலிருந்து வருகிறது. இரண்டில் எது என்பதை உங்கள் சேனலை மாற்றிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.